குறுவை நெல்லில் அரிசி காணாதா? மல்டிபிள் ரிக்ரெஷன் அவுட்புட்டை வரிவரியாகப் படிக்கும் முறை

டெல்டாவில் அரிசி ஆலை நடத்துபவர்களிடம் பேசினால் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "குறுவை நெல்லுல அரிசி காணாது சார், சம்பாதான் காணும்." நூறு கிலோ நெல் வாங்கி அரைத்தால் சம்பாவில் கிடைக்கும் அளவுக்குக் குறுவையில் அரிசி கிடைப்பதில்லை என்பது அதன் பொருள். இதை நம்பித்தான் குறுவை நெல்லுக்கு விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். இது உண்மையா, உண்மை என்றால் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது நல்ல எம்.பி.ஏ. புராஜெக்ட். மல்டிபிள் ரிக்ரெஷன் எதற்கு இருக்கிறது என்பதும் இந்த ஒரு கேள்வியில் முழுதாகத் தெரிந்துவிடும்.

புராஜெக்ட் அறிக்கைகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், எக்செல் கொடுத்த அட்டவணையை அப்படியே ஒட்டி, கீழே "ஆர்-ஸ்கொயர் 0.7க்கு மேல் இருப்பதால் மாடல் நன்றாக உள்ளது, பி-மதிப்பு 0.05க்குக் குறைவாக உள்ளவை முக்கியமானவை" என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வரியை வைத்து ஆலைக்காரர் நாளைக் காலை லாரி வந்து நிற்கும்போது என்ன விலை சொல்வார்? அவருக்கு உதவும்படி படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் எண்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்திருக்கிறேன். நீங்கள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சரிபார்த்தபடியே படிக்கலாம்.

முதல் படி: தரவை அடுக்குவது

ஆலைக்கு வந்த 60 லாட் நெல். ஒவ்வொரு லாட்டுக்கும் எக்செலில் ஒரு வரி. அதில் நான்கு எண்கள்.

```
RICE   MOIST  CHAFF  KURUVAI
62.4   20.5   2.5    1
64.9   16.0   3.0    0
63.9   17.5   4.0    1
```

RICE என்பது 100 கிலோ நெல்லுக்குக் கிடைத்த அரிசி, கிலோவில். MOIST என்பது லாரி வந்தவுடன் மீட்டரில் எடுத்த ஈரப்பதம், சதவீதத்தில். CHAFF என்பது பதரும் தூசியும், எடையில் சதவீதம். KURUVAI என்பது குறுவை நெல் என்றால் 1, சம்பா என்றால் 0. இப்படி ஆமா, இல்லை என்பதை 1, 0 ஆக எழுதும் மாறியை டம்மி மாறி என்பார்கள்.

இங்கேயே ஒரு தவறு நடக்கலாம். 100 கிலோ என்பது வாங்கும்போது எடை போட்ட ஈர நெல்லா, களத்திலோ டிரையரிலோ காயவைத்த பிறகு எடை போட்ட நெல்லா? ஆலைக் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் கலந்து இருக்கும். நமக்கு வேண்டியது வாங்கிய எடை, ஏனென்றால் பணம் கொடுப்பது அதற்குத்தான். காய்ந்த எடையைப் போட்டுவிட்டால் ஈரப்பதத்தின் பாதிப்பு தரவிலிருந்தே காணாமல் போய்விடும். அப்புறம் எந்த ரிக்ரெஷனாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. குறுவைக்கு ஒரு பத்தி, சம்பாவுக்கு ஒரு பத்தி என்று இரண்டு டம்மி போடக் கூடாது. ஒன்று 1 என்றால் மற்றது கட்டாயம் 0. இரண்டாவது பத்தி புதிதாக எதையும் சொல்லாததால் எக்செல் ஏதாவது ஒன்றின் குணகத்தை, அதாவது Coefficients பத்தியில் வரும் எண்ணை, 0 என்று போட்டுவிடும். அதற்குப் பக்கத்தில் Standard Error பத்தியில் வரும் திட்டப்பிழையும் 0 என்று வரும். அப்படி வந்தால் காரணம் இதுதான்.

பிறகு Data தாவலில் Data Analysis, அதில் Regression. Data Analysis தெரியவில்லை என்றால் Add-ins பகுதியில் Analysis ToolPak என்பதை இயக்க வேண்டும். Input Y Range என்ற கட்டத்தில் RICE பத்தி, Input X Range என்ற கட்டத்தில் மற்ற பத்திகள். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டும். தலைப்பு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Labels என்பதை டிக் செய்யுங்கள். Residual Plots என்பதையும் டிக் செய்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஆலைக்காரர் பார்ப்பதை மட்டும் முதலில் ஓட்டுவது

எடுத்தவுடன் எல்லா மாறிகளையும் போட வேண்டாம். முதலில் RICE, KURUVAI இரண்டை மட்டும் ஓட்டுங்கள்.

```
R Square   0.381

           Coefficients  Standard Error  t Stat  P-value
KURUVAI    -2.72         0.46            -5.97   1.5E-07
```

குணகம் −2.72. 100 கிலோ நெல்லுக்குக் குறுவையில் சம்பாவைவிடச் சராசரியாக 2.72 கிலோ அரிசி குறைவு. டம்மி மாறி ஒன்று மட்டும் இருக்கும்போது குணகம் என்பது இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே உள்ள வித்தியாசம்தான், வேறொன்றும் இல்லை. பி-மதிப்பு மிக மிகச் சிறியது. ஆக, ஆலைக்காரர் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. குறுவையில் உண்மையிலேயே அரிசி குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது.

பல புராஜெக்ட்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் கேள்வி இப்போதுதான் தொடங்குகிறது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். சாலையோரம் கொட்டிய நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றுவதை டெல்டாக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அரசுக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த நாட்களில் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பது ஆண்டுதோறும் நடப்பது. சம்பா அறுவடை தை, மாசியில், வெயிலில். ஆக, குறுவை நெல் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஈர நெல்லையே சொல்கிறோம். நம் 60 லாட்டில் 28 குறுவை, 32 சம்பா. குறுவையின் சராசரி ஈரப்பதம் 19.5, சம்பாவின் சராசரி 16.6. வித்தியாசம் 2.9 புள்ளி.

அரிசி குறைந்தது பருவத்தாலா, தண்ணீராலா? இரண்டையும் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் மல்டிபிள் ரிக்ரெஷன்.

மூன்றாம் படி: முழு அவுட்புட்

```
Multiple R          0.875
R Square            0.766
Adjusted R Square   0.754
Standard Error      1.10
Observations        60
Significance F      1.1E-17

           Coeff.  Std Err  t Stat  P-value   Low 95%  Up 95%
Intercept  80.60   1.75     46.06   3.3E-46   77.09    84.11
MOIST      -0.83   0.10     -8.30   2.5E-11   -1.03    -0.63
CHAFF      -0.62   0.12     -5.17   3.3E-06   -0.86    -0.38
KURUVAI    -0.31   0.41     -0.76   0.453     -1.13     0.51
```

எக்செல் ஆர்-ஸ்கொயரை மேலே போடுவதால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் கீழே இருக்கும் குணகங்களிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் ஆலைக்காரரின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் ஒரு நொடி Observations 60 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 59 என்று இருந்தால் Labels டிக் செய்ததில் ஏதோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

நான்காம் படி: குணகத்தைக் கிலோவிலும் ரூபாயிலும் படிப்பது

MOIST வரியை எடுத்துக்கொள்வோம். குணகம் −0.83. இதை இப்படிப் படிக்க வேண்டும்: பதரும் ஒரே அளவு, பருவமும் ஒன்றே என்று இருக்கும் இரண்டு லாட்களில் ஒன்றின் ஈரப்பதம் 1 புள்ளி கூடுதலாக இருந்தால், அதில் 100 கிலோவுக்கு 0.83 கிலோ அரிசி சராசரியாகக் குறையும். "மற்றவை ஒன்றாக இருக்கும்போது" என்ற சொற்களை விட்டுவிட்டால் அந்த வாக்கியமே தவறாகிவிடும்.

இந்த 0.83 நம்பத்தக்கதா என்பதைப் புள்ளியியலே இல்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து அரைப்பதாகக் கொள்வோம். 20 சதவீத ஈரப்பதம் உள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 80 கிலோ. அது 14 சதவீதத்துக்கு வந்தபின் மொத்த எடை 80 ÷ 0.86 = 93.0 கிலோ. அதாவது ஒவ்வொரு புள்ளி ஈரத்துக்கும் 100 ÷ 86 = 1.163 கிலோ நெல் எடை போகிறது. புழுங்கல் அரிசிக்கு அரசு வைத்திருக்கும் அரவைக் கணக்கு 68 சதவீதம். 1.163ஐ 0.68ஆல் பெருக்கினால் 0.79 கிலோ அரிசி. வெறும் தண்ணீர்க் கணக்கு 0.79 என்கிறது, ரிக்ரெஷன் 0.83 என்கிறது. Low 95%, Up 95% பத்திகளில் ரிக்ரெஷன் தரும் 95 சதவீத இடைவெளி 0.63 முதல் 1.03 வரை, அதற்குள் 0.79 வசதியாக உட்கார்ந்திருக்கிறது. இப்படித் தொழிலின் கணக்கோடு ஒப்பிட முடிகிற குணகம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள், அறிக்கையில் அதற்கு ஒரு பத்தி கொடுங்கள். குணகம் 0.2 என்றோ 2.5 என்றோ வந்திருந்தால், பி-மதிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் தரவில் ஏதோ தவறு என்று அப்போதே தெரிந்திருக்கும்.

CHAFF குணகத்தையும் இப்படியே பார்க்கலாம். 100 கிலோவில் 1 கிலோ பதர் என்றால் நல்ல நெல் 1 கிலோ குறைவு, அரிசி 0.68 கிலோ குறைவு. வந்திருப்பது 0.62. சரி.

இனி ரூபாய்க்கு வருவோம். அரிசி கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு புள்ளி ஈரம் குவிண்டாலுக்கு 0.83 × 45 = 37 ரூபாய். இடைவெளியின் இரு முனைகளையும் பெருக்கிப் பார்த்தால் 28 ரூபாய் முதல் 46 ரூபாய் வரை. காயவைக்கும் கூலி இதில் இல்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 17 சதவீதத்தை அடிப்படையாக வைத்து விலை பேசும் ஆலைக்கு 21 சதவீத நெல் வந்தால், நான்கு புள்ளிக்கும் சேர்த்து 3.3 கிலோ அரிசி, சுமார் 150 ரூபாய். ஆலைக்காரர் நாளைக் காலை பயன்படுத்தக்கூடிய எண் இது.

இப்போது முக்கியமான வரிக்கு வருவோம், KURUVAI. தனியாக ஓட்டியபோது −2.72 என்று இருந்தது இப்போது −0.31. மீதி எங்கே போனது? ஈரப்பத வித்தியாசம் 2.9 புள்ளி, புள்ளிக்கு 0.83 கிலோ, பெருக்கினால் 2.41. அதோடு 0.31ஐக் கூட்டினால் 2.72. இரண்டு பருவத்திலும் பதர் சராசரியாக ஒரே அளவு இருந்ததால் கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது. ஆலைக்காரர் கண்ட 2.72 கிலோ குறைவில் 2.41 கிலோ தண்ணீரின் பங்கு, பருவத்தின் பெயரில் மிஞ்சுவது 0.31 மட்டும்.

இதன் விளைவு சாதாரணமானது இல்லை. "குறுவை" என்ற பெயருக்காக விலை குறைத்தால், நெல்லை நன்றாகக் காயவைத்து 16 சதவீதத்தில் கொண்டுவந்த குறுவை விவசாயிக்கும் சேர்த்துக் குறைக்கிறோம். ஈரமான சம்பா நெல்லுக்கோ கூடுதலாகக் கொடுத்து ஆலை நஷ்டப்படுகிறது. மீட்டரைப் பார்த்து விலை வைத்தால் இரண்டு தவறும் இல்லை.

KURUVAI என்ற மாறி எதையெல்லாம் சுமக்கிறது என்பதையும் எழுத வேண்டும். குறுவையில் ஆடுதுறை 43 மாதிரிக் குறுகிய கால ரகங்கள், சம்பாவில் சி.ஆர். 1009 மாதிரி நீண்ட கால ரகங்கள். ஆக, அந்த −0.31 பருவமும் ரகமும் சேர்ந்தது. நம்மிடம் ரகத்துக்குத் தனிப் பத்தி இல்லாதவரை அதை மேலும் பிரிக்க முடியாது.

Intercept 80.60 என்பது ஈரம் 0, பதர் 0, சம்பா என்றால் கிடைக்கும் அரிசி. ஈரமே இல்லாத நெல் எந்த ஆலைக்கும் வருவதில்லை, நம் தரவில் இருப்பது 14 முதல் 22 வரைதான். எனவே இந்த எண்ணைக் கணக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள், விளக்கம் எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: பி-மதிப்பு எதைச் சொல்கிறது

முதலில் ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். 3.3E-06 என்றால் 3.3 இல்லை. E-06 என்பது புள்ளியை ஆறு இடம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்கிறது: 0.0000033. இதை 3.3 என்று படித்து "0.05ஐவிடப் பெரியது, எனவே பதர் முக்கியமில்லை" என்று எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும்.

KURUVAI வரியில் பி-மதிப்பு 0.453. இதன் பொருளை மெதுவாகச் சொல்கிறேன். ஈரமும் பதரும் ஒன்றாக இருக்கும்போது குறுவைக்கும் சம்பாவுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தும், 60 லாட் எடுத்துப் பார்த்தால் தற்செயலாக ஏதோ ஒரு சின்ன எண் வரத்தான் செய்யும். அந்த எண் 0.31 அளவுக்கோ அதற்கு மேலோ, எந்தப் பக்கமாவது விலகி வருவது நூற்றுக்கு 45 தடவை நடக்கும். அவ்வளவு சகஜமாக வரக்கூடிய எண்ணை வைத்துக்கொண்டு "குறுவையில் அரிசி காணாது" என்று சொல்ல முடியாது. ஈரப்பதத்தின் 0.83 அப்படித் தற்செயலாக வருவது ஆயிரம் கோடியில் ஒரு தடவைகூட இல்லை.

0.453 என்றால் "வித்தியாசம் இல்லாமல் இருக்க 45 சதவீத வாய்ப்பு" என்று பொருள் இல்லை. வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் உண்மையா என்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, "பி-மதிப்பு 0.05க்கு மேல், எனவே பருவத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை" என்று எழுதுவது. பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்: −1.13 முதல் +0.51 வரை. குறுவையில் உண்மையான குறைவு 1.1 கிலோவாகவும் இருக்கலாம், அது குவிண்டாலுக்கு 50 ரூபாய். ஆலைக்கு அது சின்னத் தொகை இல்லை. அல்லது குறுவையில் அரை கிலோ கூடவும் இருக்கலாம். நம் தரவால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை என்பதுதான் நேர்மையான வாசகம். இல்லை என்று நிரூபித்தது வேறு, இருக்கிறது என்று நிரூபிக்க முடியாதது வேறு.

இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்? குறுவையும் ஈரமும் கைகோத்து வருவதால். MOIST பத்தியை Y ஆக வைத்து CHAFF, KURUVAI இரண்டையும் X ஆகப் போட்டு ஒரு ரிக்ரெஷன் ஓட்டினால் ஆர்-ஸ்கொயர் 0.52 வருகிறது. 1 ÷ (1 − 0.52) = 2.1. இதற்கு வி.ஐ.எஃப். என்று பெயர். எக்செல் இதைத் தானாகத் தராது, இப்படித்தான் போட வேண்டும். இதன் வர்க்கமூலம் 1.44. இரண்டும் சேர்ந்து வருவதால் அவற்றின் திட்டப்பிழை 1.44 மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். 10ஐத் தாண்டினால்தான் பயப்பட வேண்டும் என்று பலரும் எழுதுவார்கள். நான் அந்த எல்லையைவிட இடைவெளியின் அகலத்தைத்தான் பார்ப்பேன்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. திட்டப்பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு லாட் வேண்டும், அதாவது 240. ஒரு புராஜெக்ட் காலத்தில் அது கஷ்டம். அதைவிட நல்ல வழி, காய்ந்த குறுவை லாட்களையும் ஈரமான சம்பா லாட்களையும் தேடிப்பிடித்துச் சேர்ப்பது. பிரிந்து வரும் லாட்கள்தான் பருவத்தையும் ஈரத்தையும் பிரித்துக் காட்டும். மழைக்கு முன் அறுத்த குறுவை, தை மாதம் எதிர்பாராமல் மழையில் மாட்டிய சம்பா என்று கேட்டு வாங்குங்கள். அப்படி 20 லாட் கிடைத்தாலும் பெரிய உதவி.

ஆறாம் படி: ஆர்-ஸ்கொயரும் அதைவிடப் பயனுள்ள எண்ணும்

R Square 0.766. லாட்டுக்கு லாட் அரிசி அளவு கூடிக் குறைகிறதே, அந்த மொத்த ஏற்ற இறக்கத்தில் 76.6 சதவீதத்தை ஈரம், பதர், பருவம் மூன்றும் சேர்ந்து விளக்குகின்றன. மீதி 23.4 சதவீதம் நம்மிடம் பத்தி இல்லாத விஷயங்களுக்கு: ரகம், அவியல் பதம், ரப்பர் ரோலின் தேய்மானம், எடை போடுவதில் உள்ள பிசகு. "மாடல் 76.6 சதவீதம் துல்லியம்" என்று எழுதாதீர்கள், அந்த எண் அதைச் சொல்லவில்லை.

துல்லியத்தைச் சொல்வது அதற்கு இரண்டு வரி கீழே, யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும் Standard Error 1.10. இது கிலோவில் இருக்கிறது. 18 சதவீத ஈரம், 3 சதவீதப் பதர், குறுவை என்று ஒரு லாட் வருகிறது.

```
80.60 - 0.83*18 - 0.62*3 - 0.31*1 = 63.49
```

63.5 கிலோ எதிர்பார்க்கலாம். ஆனால் தனி ஒரு லாட் இதிலிருந்து 1.10இன் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 2.2 கிலோ வரை மேலேயோ கீழேயோ போகலாம். 61.3 முதல் 65.7 வரை. ஒரு லாரிக்கு இது பெரிய ஊசலாட்டம். ஆனால் சீசன் முழுக்க நூறு லாட் வாங்கும்போது மேலும் கீழும் ஈடுகட்டிக்கொண்டு சராசரி 63.5ஐ ஒட்டி வரும். ஆலைக்காரரிடம் இதை இப்படியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் முதல் லாரியில் 62 கிலோ வந்ததுமே கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

Significance F பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாறிகளும் சேர்ந்துகூட எதையும் விளக்கவில்லை என்ற வாதத்துக்கான பி-மதிப்பு அது. 1.1E-17 என்பதால் அந்த வாதம் எடுபடாது.

Adjusted R Square எதற்கு என்பதை KURUVAI மாறியை எடுத்துவிட்டு ஓட்டினால் கண்ணால் பார்க்கலாம். ஆர்-ஸ்கொயர் 0.766இலிருந்து 0.764க்கு இறங்குகிறது. ஆனால் Adjusted மட்டும் 0.754இலிருந்து 0.756க்கு ஏறுகிறது. ஆர்-ஸ்கொயர் எந்த மாறியைச் சேர்த்தாலும் குறையாது, லாரியின் நம்பர் பிளேட்டில் உள்ள கடைசி இலக்கத்தைச் சேர்த்தால்கூட ஒரு இம்மி ஏறும். Adjusted ஒவ்வொரு மாறிக்கும் ஒரு சிறு கட்டணம் வசூலிக்கிறது. குறுவை அந்தக் கட்டணத்துக்கு ஈடான விளக்கத்தைத் தரவில்லை.

அப்படியென்றால் குறுவையை எடுத்துவிடலாமா? பாடப்புத்தகப் பழக்கம் எடுத்துவிடச் சொல்லும். நான் எடுக்க மாட்டேன். புராஜெக்ட்டின் கேள்வியே குறுவையைப் பற்றியது. அதன் வரியை நீக்கிவிட்டால் பதிலையே நீக்கியது போல. இன்னொரு காரணமும் உண்டு. அதை எடுத்ததும் MOIST குணகம் −0.83இலிருந்து −0.89க்கு நகர்கிறது. பருவத்தின் சிறு பங்கை ஈரம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. விலைக் கழிவுக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தினால் விவசாயியிடம் புள்ளிக்குச் சுமார் 3 ரூபாய் கூடப் பிடிப்போம்.

ஏழாம் படி: கையெழுத்துப் போடுமுன் இரண்டு சோதனைகள்

ஒன்று, எச்சங்களின் படம். எச்சம் என்பது உண்மையில் கிடைத்த அரிசிக்கும் கணக்கு சொன்ன அரிசிக்கும் உள்ள வித்தியாசம். MOIST எதிரே எச்சங்களை வரைந்த படத்தில் புள்ளிகள் பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் நல்லது. 14 பக்கமும் 22 பக்கமும் கீழே, நடுவில் மேலே என்று வளைந்திருந்தால் நேர்கோடு பொருந்தவில்லை. ஒரே ஒரு புள்ளி −5 கிலோவில் தனியாகத் தொங்கினால் அந்த லாட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போங்கள். 21ஐ 12 என்று எழுதியிருப்பார்கள், அல்லது இரண்டு பேருடைய நெல் கலந்திருக்கும். காரணம் தெரியாமல் புள்ளியை மட்டும் அழிக்கக் கூடாது.

இரண்டு, மீட்டர். இதைப் பற்றி எந்தப் புராஜெக்ட்டிலும் நான் படித்ததில்லை, ஆனால் இந்தக் கேள்வியில் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது இதுதான். ஈரப்பத மீட்டர் உண்மையைவிட ஒரு புள்ளி அளவுக்கு முன்பின்னாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் தரவில் ஒரே பருவத்துக்குள் ஈரப்பதம் சராசரியிலிருந்து விலகும் அளவு சுமார் 1.4 புள்ளி. அதோடு 1 புள்ளிப் பிழை கலந்தால் MOIST குணகம் −0.83இலிருந்து −0.55 அளவுக்குச் சுருங்கிவிடும். சுருங்கிய பங்கு காற்றில் போகாது, குறுவையின் தலையில் ஏறும். KURUVAI குணகம் −0.31 என்பது −1.1 என்று மாறும். நல்ல நெல்லுக்குக் கெட்ட பெயர் மீட்டரால் வரும், பி-மதிப்பு அதை ஆமோதிக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே லாட்டில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து மூன்று ரீடிங் பாருங்கள். அவற்றுக்குள் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் ஒற்றை ரீடிங்கை நம்ப முடியாது, மூன்றின் சராசரியைப் பத்தியில் எழுதுங்கள். MOIST குணகம் தண்ணீர்க் கணக்கின் 0.79ஐவிட வெகுவாகக் கீழே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் மீட்டரைத்தான்.

எட்டாம் படி: அறிக்கையில் எழுதுவது

அட்டவணைக்குக் கீழே நான் எழுதச் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"60 லாட்களில் குறுவை நெல் சம்பாவைவிட 100 கிலோவுக்குச் சராசரியாக 2.72 கிலோ குறைவான அரிசி தந்தது. ஈரப்பதத்தையும் பதரையும் கணக்கில் எடுத்தபின் இந்த வித்தியாசம் 0.31 கிலோ (95 சதவீத இடைவெளி: 1.13 கிலோ குறைவு முதல் 0.51 கிலோ கூடுதல் வரை), இது தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினால் 0.83 கிலோ (0.63 முதல் 1.03 வரை) அரிசி குறைகிறது, இது உலர்த்தும்போது போகும் நீரின் எடைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மூன்று மாறிகளும் சேர்ந்து ஏற்ற இறக்கத்தில் 77 சதவீதத்தை விளக்குகின்றன. தனி ஒரு லாட்டுக்கான கணிப்பில் ஏறக்குறைய 2.2 கிலோ முன்பின் இருக்கும். 14 முதல் 22 சதவீத ஈரப்பதத்துக்கு வெளியே இம்முடிவைப் பயன்படுத்தக் கூடாது. பருவமும் ரகமும் இதில் பிரிக்கப்படவில்லை."

ஆலைக்காரருக்கு இதையும் கொடுக்க வேண்டாம். அவருக்கு ஒரு அட்டை போதும்: 17 சதவீதத்துக்கு மேல் 18, 19, 20, 21, 22 என்று ஐந்து வரி, எதிரே குவிண்டாலுக்குக் கழிக்க வேண்டிய தொகை 37, 75, 112, 149, 187 ரூபாய். எடைமேடைப் பக்கத்தில் மீட்டருக்கு மேலே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அரிசி விலை மாறும்போது 0.83ஐப் புது விலையால் பெருக்கி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். அந்த அட்டையில் குறுவை, சம்பா என்று இரண்டு பத்தி இருக்காது.